‘வா’ என்று முடிய வேண்டும்: பிள்ளையாரை ஏரிக்கு வழியனுப்ப ஒரு பாட்டு எழுதிய அனுபவம்

எங்கள் ஊர் கணியம்பாடி பக்கம். வேலூரில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்வது என் வேலை. மாப்பிள்ளைத் தோழர்கள் கேட்டால் வாழ்த்து மடலுக்கு நாலு வரிப் பாட்டும் எழுதிக் கொடுப்பேன். அதனால்தான் எங்கள் தெருப் பையன்கள் என்னிடம் வந்தார்கள். “அண்ணா, இந்த வருசம் ஸ்பீக்கர் செட் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். களிமண் பிள்ளையார்தான், நாமளே தூக்கிக்கினு ஏரிக்குப் போறோம். போகும்போது பாடுறதுக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுங்க” என்றார்கள். நானும் சரி என்றேன். ஒரு ராத்திரியில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாட்டு நிஜமாகவே பாடக்கூடிய பாட்டாக ஆக மூன்று வருசம் பிடித்தது.

வேலூர் டவுனில் பெரிய சிலைகளை வண்டியில் ஏற்றி சதுப்பேரி ஏரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கூட்டமும் பேண்டு சத்தமும் வேறு கணக்கு. நான் சொல்வது மூன்றடி உயரப் பச்சைக் களிமண் பிள்ளையாரை நாலு பேர் தோளில் சுமந்து, ஊர் சனம் பின்னால் நடந்து, வாயாலேயே பாடிக்கொண்டு போகும் வழியனுப்பைப் பற்றி.

முதலில் நான் எழுதியது இப்படித் தொடங்கியது:

எங்களைத் தவிக்கவிட்டு
எங்கே நீ போகின்றாய்
கண்களைக் குளமாக்கிக்
கரைந்து நீ போகின்றாய்

எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. நல்ல பாட்டு வந்துவிட்டது என்று அதை வைத்தே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பையன்களுக்குப் பாடிக் காட்டினேன். எதிர்வீட்டு ஆயா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தது. பாதியிலேயே துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தது.

“இன்னாடா இது, சாமிக்கு ஒப்பாரி எழுதிக்கினு வந்துக்கிற?”

“இல்ல ஆயா, வழியனுப்புற பாட்டு.”

“ஊட்டுக்கு வந்தவங்கள இப்பிடித்தான் அனுப்புவியா? உங்கக்கா தலப்பிரசவம் முடிஞ்சு குழந்தையத் தூக்கிக்கினு மாமியா ஊட்டுக்குக் கெளம்பும்போது ‘தவிக்க உட்டுட்டுப் போறியே’ன்னா சொன்னோம்? போயிட்டு வாம்மான்னுதான சொன்னோம்?”

ஆயா சொன்னதில் எல்லாமே இருந்தது. எங்கள் பக்கம் யாரும் வாசற்படியில் நின்று “போறேன்” என்று சொல்ல மாட்டார்கள். “வரேன்” அல்லது “போயிட்டு வரேன்” என்பார்கள். அனுப்புகிறவர்களும் ‘போ’ என்ற சொல்லைத் தனியாக நிற்கவிட மாட்டார்கள், கூடவே ஒரு ‘வா’ வந்துவிடும். ஒப்பாரிக்கு என்றே சில சொற்கள் இருக்கின்றன: தவிக்கவிட்டு, போனாயோ, எப்போது காண்பேன், இனி யார் இருக்கா. துக்க வீட்டில் பாடும்போது அவற்றுக்கு ஒரு நியாயம் உண்டு. அவற்றில் ஒன்று வழியனுப்புப் பாட்டுக்குள் நுழைந்தாலும் கேட்கிற பெரியவர்களுக்கு வயிற்றைப் பிசையும். எழுதியவனுக்கு அழுகை வருவது இதில் ஒரு அளவுகோல் கிடையாது. இதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான். பாட்டில் பிள்ளையார் என்று வரும் இடத்தில் ஊருக்குக் கிளம்பும் அக்காவை வைத்துப் பார்ப்பேன். அவள் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாத வரி என்றால் அடித்துவிடுவேன்.

அந்தப் பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாரும் சேர்ந்து சொல்லும் வரியை முதலில் எழுதினேன். முன்னால் ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் வரி அது. அதை முதலில் எழுத வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது, தற்செயலாகத்தான் நடந்தது. ஆனால் அதுதான் சரியான வரிசை. ஊர்வலத்தில் பாட்டை வாங்கிப் பாடப்போகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்த ஒரு வரி மட்டும்தான் தெரியும். தூக்குகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், அவர்களால் இதற்கு மேல் பாடவும் முடியாது. நான் எழுதியது:

போய்வா போய்வா பிள்ளை யாரே

ஆயாவிடம் காட்டினேன். சரி என்று தலையாட்டியது. அந்த வருசம் அப்படியே பாடினோம். நான் முன்னால் பம்பைக்காரரோடு நடந்தேன். நடுவில் செருப்பு அறுந்து பின்தங்கினேன். ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று கேட்டபோதுதான் கோளாறு தெரிந்தது. “போய்... போய்...” என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. முதல் சொல்லில்தான் எல்லாரும் குரலைக் கொட்டுகிறார்கள், ‘வா’ வருவதற்குள் குரல் இறங்கிவிடுகிறது. கடைசியில் இழுத்துப் பாடுவது ‘யாரே’ என்ற இடத்தை. தூரத்தில் கேட்கிறவர்களுக்கு நாங்கள் சாமியைப் போ போ என்று விரட்டுவது போலத்தான் இருந்திருக்கும்.

அடுத்த வருசம் வரியைத் திருப்பிப் போட்டேன்:

பிள்ளை யாரே போய்வா போய்வா

அதே எட்டு எழுத்துதான், ஒரு சொல்கூடப் புதிதில்லை. ஆனால் கடைசி எழுத்து ‘வா’ ஆகிவிட்டது. கூட்டம் எந்த வரியிலும் கடைசி எழுத்தைத்தான் இழுக்கும், அதுவும் நெடிலாக இருந்தால் வாய் தானே திறந்துகொள்ளும். இப்போது பின்னால் நின்று கேட்டால் “வா... வா...” என்றுதான் வருகிறது. எழுதும்போது தாளில் படித்தால் இந்த வித்தியாசம் தெரியாது. பத்துப் பேரைப் பாடச் சொல்லிவிட்டு, தெருக்கோடிக்குப் போய் நின்று கேட்க வேண்டும். எந்த எழுத்து நம்மிடம் வந்து சேருகிறதோ அதுதான் பாட்டு.

இன்னொரு கேள்வியும் வந்தது. முன்னால் பாடும் முன்பாட்டுக்காரர் ‘பந்தல் கீழ குந்தினீரே’ என்று மரியாதையாகப் பாடுகிறார், கூட்டம் ‘வா’ என்று ஒருமையில் சொல்கிறதே, பொருந்துமா என்று தெருவில் ஒரு தமிழாசிரியர் கேட்டார். நானும் இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். ‘வாரும்’ என்று மாற்றிப் பாடிப் பார்த்தோம். வாய் மூடிக்கொள்கிறது, சத்தம் அடங்கிப்போகிறது. அப்புறம் ஆசிரியரே ஒரு விடை சொன்னார். பிள்ளையார் என்ற பெயரிலேயே பிள்ளையும் இருக்கிறது, ‘ஆர்’ என்ற மரியாதையும் இருக்கிறது. ஒருவர் மரியாதையாகப் பேசட்டும், ஊர் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடட்டும் என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.

இனி நடை. இதில்தான் நான் அதிகமாகக் கற்றுக்கொண்டேன்.

முதல் வருசம் நான் போட்டிருந்த மெட்டு மும்மை நடை. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று ஊஞ்சல் மாதிரி ஆடும். உட்கார்ந்து பாட அழகாக இருக்கும். ஊர்வலம் பால் சொசைட்டி தாண்டுவதற்குள் பம்பைக்கார மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டார். “தம்பி, இந்த அடிக்கு ஆடலாம், நடக்க முடியாது. பாரு, சாமி தலையாட்டுது” என்று காட்டினார். உண்மைதான். மனிதனுக்கு இரண்டு கால். மும்மை நடையில் அழுத்தம் விழும் அடி ஒரு தடவை இடது காலில் வரும், அடுத்த தடவை வலது காலில் வரும். தூக்குகிறவர்கள் தாளத்துக்கு இசைந்து அழுத்தி மிதிக்க, பலகை இடமும் வலமுமாகச் சாய்கிறது. சுடாத மண் பிள்ளையாருக்கு அது ஆகாது. தும்பிக்கை உடம்போடு சேரும் இடத்திலும், காது தலையோடு சேரும் இடத்திலும் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு இருக்கும். எங்கள் பிள்ளையாரின் இடது காது அன்றைக்கு விரல் அகலத்துக்குப் பிளந்துவிட்டது. ஒரு பையன் கை வைத்துப் பிடித்துக்கொண்டே ஏரிவரைக்கும் வந்தான்.

அதனால் நான்மை நடைக்கு மாறினேன். நாலு எழுத்துக்கு ஒரு சீர், ஒரு சீருக்குள் கால் இரண்டு எட்டு வைக்கும். அழுத்தம் எப்போதும் ஒரே காலில் விழும். சிந்துப் பாட்டில் எழுத்தை எண்ணும் வழி மிகவும் சுலபம். உயிரும் உயிர்மெய்யும் குறிலானாலும் நெடிலானாலும் ஒன்று, புள்ளி வைத்த எழுத்துக்குக் கணக்கில்லை. ‘கொழுக்கட்டை’ என்றால் கொ, ழு, க, டை என்று நாலு. முன்பாட்டுக்காரரின் ஒரு வரிக்கு நாலு சீர், பதினாறு எழுத்து. அது எட்டுக் காலடியில் முடியும். கூட்டத்தின் வரியும் எட்டுக் காலடிதான், ஆனால் அதில் எழுத்தே எட்டு, காலடிக்கு ஒன்று. முன்பாட்டு வேகமாக ஓடும், பதில்வரி நின்று நின்று வரும். கால் கீழே படும்போதே ஒரு எழுத்து வாயிலிருந்து விழுந்துவிடுவதால், சுமப்பவர்கள் மூச்சைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை.

முதல் கண்ணி இப்படி அமைந்தது:

மூணு நாளா எங்க தெரு
பந்தல் கீழ குந்தி னீரே
– பிள்ளை யாரே போய்வா போய்வா

கொழுக்கட்டை சுண்டல் எல்லாம்
கொழந்தைங்க கிட்டத் தந்தீர்
– பிள்ளை யாரே போய்வா போய்வா

இரண்டு இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறேன், பாடும்போது ஒரே வரிதான். இரண்டாவது வரியில் ‘கொழு’, ‘கொழ’ என்று மோனையும் எதுகையும் ஒன்றாக வந்து விழுந்தன. அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. முன்பாட்டுக்காரர் கையில் தாள் வைத்துக்கொண்டு பாட முடியாது. பம்பைச் சத்தத்தில் அடுத்த சொல் மறந்துபோகும் இடத்தில், மோனைதான் கைகொடுத்துத் தூக்கிவிடும். முதல் சீரும் மூன்றாவது சீரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் போதும், பாட்டு நினைவில் நிற்கும். ‘உட்கார்ந்திருந்தீரே’ என்று எழுதிப் பார்த்தேன், எழுத்து கூடிப்போனது. ‘குந்தினீரே’ எங்கள் ஊர்ச் சொல், அளவாகப் பொருந்தியது. ‘விநாயகா’, ‘கணநாதா’ என்று போட்டிருந்தவற்றையும் எடுத்துவிட்டேன். எங்கள் ஆயாக்கள் வாயில் அவர் பிள்ளையார்தான்.

நடையைச் சரிபார்க்க ஒரு வழி கண்டுபிடித்தோம். மணைப்பலகையில் இரண்டு இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கட்டி, நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு பந்தலிலிருந்து மாவு மில்வரை பாடிக்கொண்டே நடந்தார்கள். நான் போனில் நேரம் பார்த்து எட்டுகளை எண்ணினேன். சும்மா நடக்கும்போது நிமிஷத்துக்கு நூற்றைந்து எட்டு வைத்தவர்கள், சுமையோடு எண்பத்து நாலுதான் வைத்தார்கள். பம்பைக்கார மாமா அந்த எண்பத்து நாலைக் காதில் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் வேகத்தை ஏற்ற மாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். பாடுகிறவனின் உற்சாகத்துக்குத் தாளம் கூடிக்கொண்டே போகும், சுமக்கிறவன்தான் அதற்கு விலை கொடுப்பான் என்பது அவர் கணக்கு.

அந்த எண்ணிக்கையிலிருந்து இன்னொரு உண்மை வெளியே வந்தது. பந்தலிலிருந்து ஏரிக்கரைக்கு சுமார் 1,200 மீட்டர். சுமையோடு ஒரு எட்டு அரை மீட்டர்தான் என்று வைத்தால் 2,400 எட்டு. ஒரு கண்ணியில் முன்பாட்டு இரண்டு, பதில் இரண்டு, ஆக முப்பத்திரண்டு எட்டு. 2,400-ஐ அதனால் வகுத்தால் எழுபத்தைந்து கண்ணி வேண்டும். நான் எழுதி வைத்திருந்தது ஒன்பது! முதல் வருசம் பாட்டு பாதி வழியில் செத்துப்போனதற்குக் காரணம் இதுதான். ஒரே ஒன்பது கண்ணியை நாலாவது தடவையாகப் பாடும்போது யாருக்கும் ஈடுபாடு இருக்காது. நடுவில் வீட்டுக்கு வீடு கற்பூரம் காட்ட நிற்பது வேறு.

எழுபத்தைந்து கண்ணி எழுதுவது வீண் வேலை, யாரும் மனப்பாடம் செய்யப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் செய்தேன், செங்கல் அறுக்கும் அச்சு மாதிரி. உள்ளே எதை வேண்டுமானாலும் போட்டு எடுக்கலாம்:

மாரி யம்மன் கோயில் தாண்டி
மாவு மில்லு முக்குத் தாண்டி
– பிள்ளை யாரே போய்வா போய்வா

பார்த்த சனம் கையெ டுக்க
பாதை விட்டு நிக்கு தையா
– பிள்ளை யாரே போய்வா போய்வா

கண்ணெதிரே என்ன வருகிறதோ அதை ‘தாண்டி’க்கு முன்னால் வைத்துவிட வேண்டியதுதான். நாலு எழுத்தில் அடங்கும் பெயர்களை நானும் பையன்களும் ஒரு சாயங்காலம் தெருத்தெருவாக நடந்து எழுதிக்கொண்டோம். வேப்ப மரம், ரேஷன் கடை, தண்ணி டேங்கு, பால் சொசைட்டி, பள்ளிக் கூடம், ஏரிக் கரை. எல்லாம் நாலு நாலு எழுத்து. ஊர் எப்படி இவ்வளவு ஒழுங்காகப் பெயர் வைத்திருக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடங்காத பெயர்களும் உண்டு. ‘மளிகைக் கடை’ ஐந்து எழுத்து, இடிக்கும். அதை ‘மளிகக் கட’ என்று ஓட்டிப் பாடினால் சமாளிக்கலாம். ஆனால் புதிதாகப் பாடுகிறவர் அதில் ஒரு எட்டு தவறுவார், அதனால் விட்டுவிட்டோம்.

இந்தச் சட்டத்தால் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் வந்தது. தன் வீட்டு மூலையின் பெயர் பாட்டில் வருமா என்று அந்தந்த இடத்துச் சனம் வாசலில் வந்து காத்திருக்கத் தொடங்கியது. ‘பாதை விட்டு நிக்குதையா’ என்ற வரி வந்தால் தோள் மாற்றிக்கொள்ளலாம் என்று சுமப்பவர்கள் தாங்களாகவே ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். பலகையைக் கீழே வைக்க வேண்டியதில்லை. அடுத்த நாலு பேர் உள்ளே நுழைய, முதல் நாலு பேர் வெளியே வந்துவிடுவார்கள்.

ஏரிக்கரையில் பாட்டு மாற வேண்டும். இதையும் முதல் வருசம் நான் யோசிக்கவில்லை. கரைக்கு வந்தவுடன் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மாலை, துணி, குடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கரைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருசாவருசம் அதைச் சொல்கிறது. அதற்கு எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் யாரும் நடப்பதில்லை, பாட்டும் நின்றுபோனால் கூட்டம் கலைந்து ஆளாளுக்கு செல்போனில் படம் எடுக்கப் போய்விடும். அந்த நேரத்துக்கு என்று ஒரு கண்ணி எழுதினேன்:

எருக்கம்பூ மாலை தந்தீர்
எங்க கையில் ஏந்திக் கிட்டோம்
– பிள்ளை யாரே போய்வா போய்வா

தொப்புள் காசும் தந்து விட்டு
தொந்தி யோட சிரிக்கி றீர்
– பிள்ளை யாரே போய்வா போய்வா

முதலில் ‘மாலையைக் கழட்டி வெச்சோம்’ என்றுதான் எழுதியிருந்தேன். கழட்டுவது என்ற சொல் ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. பூவும் பொட்டும் கழட்டுவது எந்தச் சந்தர்ப்பத்தில் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் தருகிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று திருப்பினேன். திருப்பியபிறகு செய்கிற காரியமே மாறிவிட்டது. முன்பெல்லாம் மாலையைப் பிய்த்து கரையில் எறிவார்கள். இப்போது ‘ஏந்திக் கிட்டோம்’ என்று பாடும்போது இரண்டு பெண்கள் முந்தானையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். தொப்புளில் பதித்த ஒரு ரூபாய்க் காசை எடுப்பது தெருவிலேயே சின்னக் குழந்தையின் வேலை. கண்ணில் பதித்த குன்றிமணி இரண்டை மட்டும் எடுக்க மாட்டோம். கடைசிவரை அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று.

தண்ணீரில் பாடும் கண்ணிக்குப் பொருள் கொடுத்தவர் சிலை செய்து கொடுத்த குயவர் தாத்தா. “நல்லாக் காஞ்ச மண்ணுதான் சீக்கிரம் கரையும், ஈரமா இருந்தா கரையாது” என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு உருண்டைகளைப் போட்டுக் காட்டினார். ஒன்று வெயிலில் வெள்ளையாகக் காய்ந்தது, ஒன்று அன்றைக்குப் பிசைந்தது. காய்ந்த உருண்டை தண்ணீரைத் தொட்டதும் சின்னச் சின்னக் குமிழியாக விட்டது. மண்ணுக்குள் இருந்த காற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகிறது. ஓரங்கள் செதில் செதிலாக உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் வாளியின் அடியில் குவியலாகிவிட்டது. ஈர உருண்டை அப்படியே உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அதற்குத் தாகம் இல்லை. மேலே கெட்டியாகப் பெயிண்ட் அடித்தாலும் இதே கதைதான், தண்ணீர் உள்ளே போக வழி இருக்காது.

அன்று ராத்திரியே எழுதினேன்:

காஞ்ச மண்ணு தண்ணி கண்டா
கண்ணெ திரே குடிக்கு தே
– பிள்ளை யாரே போய்வா போய்வா

ஏரி தந்த மண்ணு தானே
ஏரிக் கேதான் வந்து டுச்சே
– பிள்ளை யாரே போய்வா போய்வா

கடைசிச் சீரை முதலில் ‘போகுதய்யா’ என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நானே அடித்துவிட்டு ‘வந்துடுச்சே’ என்று போட்டேன். ஏரியின் பக்கம் நின்று பார்த்தால் அவர் வருகிறார்தானே.

இங்கே பம்பை நிற்க வேண்டும். எட்டு வைப்பது நின்றுவிட்டது, தாளத்துக்கு வேலை இல்லை. மெட்டு அதேதான், ஆனால் பாதி வேகம். பாடுகிறவர் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, கரையில் நின்றுதான் பாட வேண்டும். இரண்டாவது வருசம் முன்பாட்டுக்காரரே முழங்கால் தண்ணீரில் சிலையைப் பிடித்துக்கொண்டு பாட முயன்றார். சேற்றில் கால் சறுக்கியது, பாட்டும் அறுந்தது. இறக்குகிறவர்கள் மூன்று தடவை முக்கி எடுத்து நாலாவது தடவை விடுவார்கள். ஒவ்வொரு முக்கலுக்கும் ஒரு பதில்வரி. விட்டபிறகு குமிழி வர ஆரம்பிக்கும். மூன்றடிச் சிலை உள்ளே வைக்கோல் பிரியோடு முழுதாகக் கரைய மறுநாள்கூட ஆகலாம், அதுவரைக்கும் பாட முடியாது. குமிழிகள் படபடவென்று வரும் அந்த முதல் சில நிமிஷங்கள்தான் பாட்டுக்கு உரியவை. குமிழி இடைவெளி விட்டு வரத் தொடங்கியதும் முடிக்கும் கண்ணியைப் பாட வேண்டும். ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்த வருசம் சேற்றில் ரொம்ப தூரம் நடந்தார்கள், அன்றைக்கு ‘தாண்டி’ச் சட்டத்தில் ‘முள்ளுக் காடு தாண்டி’ என்று பாடியே சமாளித்தார்கள்.

முடிக்கும் கண்ணியில் ‘ஆவணிக்கு மறுபடி’ என்று எழுதியிருந்தேன். தமிழாசிரியர்தான் திருத்தினார். சதுர்த்தி பெரும்பாலும் ஆவணியில் வரும், ஆனால் எப்போதும் அல்ல. 2012-இல் செப்டம்பர் 19 அன்று வந்தது, அது புரட்டாசி. வாக்குக் கொடுக்கிற வரியில் மாதம் தப்பக் கூடாது என்றார். அதனால் இப்படி ஆனது:

சதுர்த்திக்கு மறுபடி
சனத்தோட கூட்டி வர்றோம்
– பிள்ளை யாரே போய்வா போய்வா

‘மறுபடியும்’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் சீர் உடையும், முன்பாட்டுக்காரருக்குப் பழக்கமாக அது வந்துவிடும். பாடிப் பாடித்தான் அந்த ‘யும்’மை மறக்கடித்தோம். இந்தக் கண்ணிக்குப் பதில்வரியை ஒரே ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். கடைசி ‘வா’வை மூச்சு உள்ளவரை இழுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். கை தட்டுவதோ கோஷமோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த ‘வா’ ஏரியின் எதிர்க்கரை வரைக்கும் போய் அடங்கும்போது யாருக்கும் கத்தத் தோன்றுவதில்லை. மணைப்பலகையை வெறுமையாகக் கொண்டுவரக் கூடாது என்பதால் கைப்பிடி ஏரி மண்ணை அதன்மேல் வைத்துக்கொண்டு திரும்புவோம். திரும்பும் வழிக்குப் பாட்டு எழுதவில்லை. பையன்கள் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். சனம் அப்போது தங்களுக்குள் பேசிக்கொண்டு வரும், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருசம் ஊரில் பழைய தண்ணி டேங்கை இடித்துவிட்டார்கள். ஊர்வலம் அந்த இடத்துக்கு வந்தபோது செங்கல் குவியல் மட்டும்தான் இருந்தது. முன்பாட்டுக்காரர் பழக்கத்தில் “தண்ணி டேங்கு முக்குத் தாண்டி” என்று பாடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கூட்டம் பதில்வரியைச் சொல்லிவிட்டது. பெயர்ப் பட்டியலில் நான் அதை அடிக்கவில்லை.